பருவை எடுங்கள், தோலை விட்டுவையுங்கள்

(உருவப்படப் புகைப்படக் கலைஞர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெருங்கி எடுத்த முகப்படம் ஒன்றில் பரு இருக்கிறது, சின்னச் சின்னத் தழும்புகள் இருக்கின்றன. அவற்றை எடுக்க வேண்டும். எடுத்த இடம் தெரியக் கூடாது, தோல் தோலாகவே இருக்க வேண்டும். இன்று இந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். முகத்தை ஒல்லியாக்குவது, நிறத்தை வெளுக்க வைப்பது, கண்ணைப் பெரிதாக்குவது எதுவும் இந்தப் பேச்சில் வராது. அவை வேறு வேலைகள். அவற்றில் சிலவற்றைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

நம்மில் பலரும் படத்தைத் திறந்ததும் முதலில் கருவியைத்தான் தேடுகிறோம். ஹீலிங் பிரஷ் எடுக்கலாமா, குளோன் எடுக்கலாமா, பிளக்-இன் போடலாமா என்று யோசிக்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் குறைக்கு அடியில் தோலின் துளைகள் இன்னும் இருக்கின்றனவா, இல்லையா? துளைகள் இருந்தால் அந்த இடத்துத் தோலை நீங்கள் மாற்றவே வேண்டாம், நிறத்தையோ வெளிச்சத்தையோ சரிசெய்தால் போதும். துளைகள் அழிந்திருந்தால் மட்டும்தான் வேறு இடத்திலிருந்து தோல் கொண்டுவர வேண்டும். நான் இன்று சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். 24 மெகாபிக்சல் கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால் படம் 4000 பிக்சல் அகலம், 6000 பிக்சல் உயரம். நெருங்கிய முகப்படத்தில் முகம் மட்டும் ஏறத்தாழ 2500 பிக்சல் அகலம் பிடிக்கும். முகத்தின் அகலம் 14 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் தோலுக்குப் படத்தில் சுமார் 18 பிக்சல் கிடைக்கிறது. கன்னத்துத் துளை ஒன்று மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் படத்தில் அது மூன்று நான்கு பிக்சல்தான். நான்கு மில்லிமீட்டர் பருவோ எழுபது பிக்சல்.

எழுபது பிக்சல் பருவைக் கரைக்கும் அளவுக்கு பிளர் வைத்தால், நான்கு பிக்சல் துளை எப்படித் தப்பும்? முதலில் சாவது துளைதான், பரு அதற்கப்புறம்தான் மங்கும். மெழுகு பூசியதுபோல் முகம் ஆவது இப்படித்தான். பிறகு அந்த வழவழப்பை மறைக்க அதன் மேல் 'நாய்ஸ்' தூவுகிறார்கள். அது தோல் ஆகாது. உண்மையான துளை ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் விழும் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று இருக்கிறது. மூக்கோரத்தில் துளை பெரியது, நெற்றியில் சிறியது, கண்ணுக்குக் கீழே துளையைவிட மெல்லிய ரேகைகள்தான் அதிகம். தூவிய நாய்ஸுக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. முகம் முழுவதும் அது ஒரே மாதிரி கிடக்கும்.

ஃபோனில் பார்க்கும்போது இது உறைக்காது. 1080 பிக்சல் அகலத்துக்குப் படம் சுருங்கும்போது நான்கு பிக்சல் துளை ஒரு பிக்சலாகிவிடுகிறது, அதனால் பிளர் செய்த முகமும் செய்யாத முகமும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். அதே கோப்பை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். அங்குலத்துக்கு 333 பிக்சல் வருகிறது, முகம் நிஜ முகத்தைவிடப் பெரிதாக, ஏழரை அங்குல அகலத்தில் நிற்கிறது. அங்கே மெழுகு உடனே காட்டிக்கொடுக்கும். வாடிக்கையாளர் அதைச் சொல்லத் தெரியாமல், "இது நான் மாதிரி இல்லையே" என்பார்.

பரு படத்தில் ஏன் இவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் Channels பலகையைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பில் தோல் மிருதுவாக, குறையே இல்லாததுபோல் இருக்கும். பச்சையில் பருக்கள் கருமையாக எழும்பும். நீலத்தில் எல்லாக் கறையும் தெரியும். பருவில் திரண்டிருக்கும் ரத்தம் பச்சை, நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. பழுப்பு நிறம் தரும் மெலனின் நீலத்தை அதிகமாக விழுங்குகிறது. சிவப்பு ஒளி மட்டும் தோலுக்குள் ஆழமாகப் போய்ச் சிதறித் திரும்பி வருவதால் அதில் எல்லாம் மங்கலாகி மென்மையாகிறது.

பழைய காலத்துப் புகைப்படத் தட்டுகள் சிவப்பு ஒளியை உணரமாட்டா. முதலில் நீலத்தை மட்டும் பதிவு செய்தன. 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்து உணர்வை விரிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு பச்சையும் பதிவானது. சிவப்பையும் உணரும் தட்டுகள் 1906 வாக்கில்தான் இங்கிலாந்தில் கடைக்கு வந்தன. அதற்கு முந்தைய தட்டுகளில் எடுத்த முகம் நம்முடைய நீல, பச்சைச் சேனல்களில் தெரியும் முகம்தான். கண்ணுக்குத் தெரியாத புள்ளிகூட அதில் கரியாகப் பதிவானது. அதனால்தான் அந்தக் கால ஸ்டூடியோக்களில் நெகடிவைக் கையால் திருத்துவதற்கென்றே ஆள் இருந்தார். பிரிண்டில் கருப்பாக வரும் பரு நெகடிவில் வெளிறிய ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டையைக் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பி, சுற்றுப்புறத்தின் அடர்த்திக்குக் கொண்டுவந்ததும் நிறுத்திவிடுவார். அவரால் தோலை வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்ட முடியாது. அடர்த்தியை மட்டுமே மாற்ற முடியும். அதனால் அடியில் இருந்த துளைகள் பெரும்பாலும் அப்படியே தப்பின. அவருடைய அந்த முறை நமக்கு இன்றும் வேண்டும்.

இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்வோம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம், அதிக மேக்கப் இல்லாமல் ஒரு பெண்ணை எடுத்திருக்கிறோம். படத்தின் இடப்பக்கம் ஜன்னல், வெளிச்சம் அங்கிருந்து சாய்வாக வருகிறது. மாநிறம். மோவாயில் நேற்று வந்த சிவந்த பரு ஒன்று. கன்னத்தில் பழைய பரு ஆறிய இடத்தில் கரும்பழுப்புத் திட்டு ஒன்று. நெற்றியில் சின்ன வயதில் அம்மை போட்டபோது விழுந்த குழி ஒன்று. மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம்.

மச்சத்தைத் தொடாதீர்கள். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதை நான் கேட்காமலே எடுப்பேன். கூடவே இருக்கப்போவதை அவரைக் கேட்டுத்தான் எடுப்பேன். நெற்றிக் குழியும் இந்த இரண்டாவது வகைதான். இந்தப் பெண்ணிடம் கேட்டபோது, "இருக்கட்டும் சார், ஆனா ரொம்ப எடுப்பா தெரிய வேண்டாம்" என்றார் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேலை தெளிவாகிவிட்டது.

மோவாய்ப் பருவிலிருந்து தொடங்குவோம். தோல் புடைத்து இழுபட்டிருக்கிறது. அதன் மேல் துளைகள் இல்லை, பளபளப்புதான் இருக்கிறது. கேள்விக்குப் பதில் "இல்லை". ஆகவே பக்கத்துத் தோலைக் கொண்டுவர வேண்டும். இதற்கு ஹீலிங் பிரஷ்தான் சரி. 2002-இல் ஃபோட்டோஷாப் 7-இல் வந்த கருவி இது. அதற்கு முன்பு இருந்த குளோன் ஸ்டாம்ப் எடுத்த இடத்தின் நிறத்தையும் சேர்த்தே கொண்டுவந்து ஒட்டிவிடும். ஹீலிங் பிரஷ் எடுத்த இடத்திலிருந்து நுண்தன்மையை மட்டும் கொண்டுவருகிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும், நீங்கள் பூசிய வட்டத்தின் விளிம்பில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறது.

இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பலருக்கும் பரு போன பிறகு வழவழப்பான சிவப்பு வட்டம் ஒன்று மிஞ்சுகிறதே, அதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பரு எழுபது பிக்சல் என்றால் அதைச் சுற்றிய சிவப்பு நூற்றிருபது பிக்சல் வரை பரவியிருக்கும். எழுபது பிக்சல் பிரஷ்ஷால் பருவை மட்டும் மூடினால் வட்டத்தின் விளிம்பு சிவப்பின் மேல் நிற்கிறது. கருவி அந்தச் சிவப்பை நல்ல தோல் என்று நம்பி உள்ளே முழுக்க நிரப்பிவிடுகிறது. ஆகவே சிவப்பு முடிந்து நல்ல தோல் தொடங்கும் இடம்வரை, நூற்று முப்பது பிக்சல் அளவில் பிரஷ் வைத்து, ஒரே தடவையில் மூடுங்கள். துண்டு துண்டாகப் பூச வேண்டாம்.

பிரஷ்ஷின் ஹார்ட்னஸை 80-க்கு மேல் வையுங்கள். மென்மையான விளிம்பு வைத்தால்தான் ஒட்டு தெரியாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விளிம்பில் பழைய துளைகளும் புதிய துளைகளும் பாதிப் பாதியாகக் கலக்கும்போது இரண்டுமே மங்கிப் போகின்றன, பருவைச் சுற்றி மங்கலான வளையம் ஒன்று விழுகிறது. நிறத்தைக் கலக்கும் வேலையைக் கருவியே செய்துவிடுவதால் விளிம்பு கெட்டியாக இருந்தால் தப்பில்லை. Diffusion என்று ஒரு அளவு 1 முதல் 7 வரை இருக்கும். துளை நிறைந்த தோலுக்குக் குறைந்த எண் பொருந்தும்.

வேலையைப் படத்தின் மேலேயே செய்யாமல், காலியான புது லேயரில் செய்யுங்கள். அதற்கு மேலே உள்ள பட்டியில் Sample என்ற இடத்தில் `Current & Below` என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நாளைக்கு அந்த ஒரு பரு மட்டும் சரியில்லை என்று தோன்றினால் அதை மட்டும் அழித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த லேயரின் ஒப்பாசிட்டியைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். பாதி தெரியும் பரு, பருவின் ஆவியைப்போல நிற்கும். புடைத்த பருவை எடுத்தால் முழுக்க எடுக்க வேண்டும்.

எங்கிருந்து தோலை எடுப்பது? பருவுக்கு மிக அருகில், ஆனால் சும்மா பக்கத்தில் என்று இல்லாமல், வெளிச்சம் அதே சாய்வில் விழும் இடத்திலிருந்து. மோவாய் உருண்டையானது. ஜன்னல் பக்கத்தில் வெளிச்சம் நேராக விழுகிறது, துளைகள் மெலிதாகத் தெரியும். அது வளைந்து நிழலுக்குள் போகும் இடத்தில் ஒளி தோலைத் தடவிக்கொண்டு போவதால் துளைகள் ஆழமாகத் தெரியும். பரு நிழலோரத்தில் இருந்தால், நிழலோரத்திலேயே சற்று மேலோ கீழோ போய் Alt பிடித்துச் சொடுக்குங்கள். நிறம் வேறாக இருந்தாலும் கவலை இல்லை, அதைக் கருவி பார்த்துக்கொள்ளும். துளையின் ஆழத்தை அது மாற்றாது. ஸ்பாட் ஹீலிங் பிரஷ் தானே இடம் தேர்ந்தெடுக்கும். நெற்றியின் நடுவில் அது சரியாக வரும், மோவாயிலும் மூக்கோரத்திலும் பெரும்பாலும் தவறாகத் தேர்ந்தெடுக்கிறது.

உதட்டோரம், புருவ ஓரம், முடி தொடங்கும் இடம் ஆகியவற்றில் ஹீலிங் பிரஷ் வட்டத்தின் விளிம்பு அந்தக் கருமையைத் தொட்டால், உள்ளே அழுக்கு இழுவியதுபோல் ஆகிவிடும். காரணம் அதேதான், விளிம்பில் உள்ள நிறத்தை அது உள்ளே கொண்டுவருகிறது. அங்கே மட்டும் குளோன் ஸ்டாம்ப்பை எடுங்கள், ஒரே வெளிச்சமுள்ள பக்கத்துத் தோலிலிருந்து.

அடுத்தது கன்னத்தின் கரும்திட்டு. நூறு சதவீத அளவில் வைத்து அதன் உள்ளே பாருங்கள். துளைகள் அப்படியே இருக்கின்றன. தோல் ஆறிவிட்டது, நிறம் மட்டும் தங்கியிருக்கிறது. நம் போன்ற மாநிற, கருநிறத் தோல்களில் பரு போன பிறகு இந்தக் கருமை மாதக்கணக்கில் நிற்கும். அதனால் நம்மூர் முகப்படங்களில் பருவைவிட இந்தத் திட்டுகள்தான் அதிகம். இவை எல்லாவற்றையும் ஹீலிங் பிரஷ்ஷால் அடிப்பதுதான் நம்மிடையே நடக்கும் பெரிய வீண்வேலை என்பேன். நல்ல தோலைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு நல்ல தோலை ஒட்டுகிறோம். இருபது முப்பது இடத்தில் இப்படி ஒட்டினால் கன்னம் முழுவதும் ஒட்டுத்துணி ஆகிவிடும், ஒரே துளைக்கூட்டம் இரண்டு மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப வரும்.

இங்கே பென்சில்காரரின் முறைதான். ஹீலிங் லேயருக்கு மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, நடுவில் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். படம் முழுவதும் வெளுக்கும். அதன் மாஸ்க்கை `Ctrl+I` அழுத்திக் கருப்பாக்கினால் வெளுப்பு மறையும். இப்போது மென்மையான வெள்ளை பிரஷ், ஃப்ளோ மூன்று நான்கு சதவீதம், திட்டைவிடச் சிறிய அளவு. திட்டின் நடுவிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லப் பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். திட்டுக்கு உள்ளே இருக்கும் துளையின் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் இரண்டும் சேர்ந்து மேலே வருவதால் துளை துளையாகவே இருக்கும்.

திட்டு சுற்றுப்புறத்தின் வெளிச்சத்துக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரு சிக்கல் வரும். அந்த இடம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். வெளிச்சம் சரியாகிவிட்டது, நிறம் இன்னும் சேரவில்லை என்று பொருள். அதற்கு ஒரு காலி லேயர் போட்டு, அதன் பிளெண்ட் மோடை Color என்று மாற்றி, பக்கத்துத் தோலின் நிறத்தை Alt பிடித்து எடுத்து, பத்துப் பதினைந்து சதவீத ஒப்பாசிட்டியில் ஒரு தடவை பூசினால் போதும். Color மோட் வெளிச்சத்தைத் தொடாது, ஆகவே துளைக்கு ஆபத்தில்லை. பரு எடுத்த இடத்தில் லேசாகச் சிவப்பு மிஞ்சியிருந்தாலும் இதே வழிதான்.

மூன்றாவது, நெற்றிக் குழி. இது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். இதை எப்படி அடையாளம் காண்பது? வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. மேடாக இருந்தால் இடப்பக்கம் ஒளிரும், வலப்பக்கம் நிழல் விழும். குழியாக இருந்தால் தலைகீழ். இடப்பக்கச் சுவர் நிழலில் இருக்கும், எதிர்ச்சுவர் ஒளி வாங்கும். இந்தப் படத்தில் இடப்பக்கம் ஒரு கருமையான பிறை, வலப்பக்கம் ஒரு வெள்ளைப் பிறை. அந்தக் குழியைக் கண் குழியாகப் படிப்பது இந்த இரண்டு பிறைகளால்தான். அவற்றின் வேறுபாட்டைக் குறைத்தால் குழியின் ஆழம் குறையும். குழி மறையாது, ஆனால் எடுப்பாகத் தெரியாது. அந்தப் பெண் கேட்டதும் அதுதானே.

முன்பு போட்ட கர்வ்ஸ் லேயரோடு, கீழே இறக்கிய இன்னொரு கர்வ்ஸ் லேயரும் கருப்பு மாஸ்க்குடன் வேண்டும். பிரஷ் பிறையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. இங்கே அது பத்துப் பன்னிரண்டு பிக்சல். ஃப்ளோ இரண்டு சதவீதம். நிழல் பிறையை மெல்லத் தூக்குங்கள், ஒளிப் பிறையை மெல்ல இறக்குங்கள். பிரஷ் பெரிதாகிப் பிறைக்கு வெளியே வழிந்தால் குழிக்குப் பதிலாக ஒரு மங்கல் புள்ளி உண்டாகும், அது குழியைவிட மோசம். வேறுபாடு பாதியாகக் குறைந்ததும் நிறுத்திவிடலாம்.

மணநாள் படங்களில் மேக்கப் இருக்கும்போதும் இந்த ஒளி-நிழல் கணக்கு உதவும். கன்சீலர் பருவின் சிவப்பை மறைத்துவிடும், மேட்டை மறைக்காது. நிறம் சரியாக இருக்கிறதே, பிறகு என்ன தெரிகிறது என்று குழம்புவோம். தெரிவது மேடு மட்டும். சின்ன மேடானால் இதே இரண்டு கர்வ்ஸ் லேயர்களால் அமுக்கிவிடலாம்.

ஃப்ரீக்வென்ஸி செப்பரேஷனைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். நுண்தன்மையை ஒரு லேயரிலும் நிறத்தையும் பெரிய ஒளி-நிழலையும் இன்னொரு லேயரிலும் பிரித்து வைக்கும் முறை. நம் படத்தில் பிரிக்கும் பிளர் அளவு துளைகள் அப்போதுதான் மறையும் புள்ளியில், ஏறக்குறைய ஏழு எட்டு பிக்சலில் நிற்கும். முறையில் குற்றமில்லை. ஆனால் பெரும்பாலானோர் கீழ் லேயரில் கன்னம் முழுவதையும் லாசோ போட்டு பிளர் செய்கிறார்கள். துளைகள் தப்பிவிடும், கன்னத்தின் எலும்பு, சிரிப்பின் மடிப்பு, முகத்தின் வடிவம் போய்விடும். துளை இருந்தும் முகம் பொம்மையாகத் தெரிவதன் காரணம் இது. பத்துப் பதினைந்து குறைகள் உள்ள ஒரு முகத்துக்கு இந்த முறை தேவையில்லை என்பது என் முடிவு.

வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Black & White லேயர் போட்டு, சிவப்பையும் மஞ்சளையும் இறக்குங்கள். நிறம் போனதும், வெளிச்சத்தில் மிஞ்சிய திட்டுகள் கண்ணுக்கு எழும்பும். பிறகு அந்த லேயரை அணைத்துவிட்டு நீலச் சேனலையும் ஒருமுறை பாருங்கள். ஹீலிங் செய்த இடம் அங்கே வழவழப்பாகத் தெரிந்தால் தவறான இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். திட்டைச் சரிசெய்த இடம் கருத்தே இருந்தால் நிறம் இன்னும் சேரவில்லை. முந்நூறு சதவீதம் பெரிதாக்கி உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள், அங்கே ஒவ்வொரு துளையும் குறையாகத் தெரியும், எல்லாவற்றையும் துடைக்கத் தோன்றும். நூறு சதவீதத்தில் வேலை செய்து, ஐம்பதில் தீர்ப்புச் சொல்லுங்கள். பெரிய பிரிண்ட் போகிற படமானால் முகத்தின் நடுப்பகுதியை மட்டும் அதே அளவில் 4-க்கு 6 அங்குலத் துண்டாக, ஆல்பத்துக்குப் போகும் அதே காகிதத்தில் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, இந்த முறையால் முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் படத்தில் துளை பதிவாகியிருந்தால்தான் செல்லும். ஃபோனின் அழகாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தாலும், ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதுக்குப் போயிருந்தாலும், நாய்ஸ் குறைப்பை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தாலும், கனமான மேக்கப் துளைகளை அடைத்திருந்தாலும் பக்கத்திலிருந்து எடுக்கவே தோல் இருக்காது. அப்போது பருவை எடுக்கலாம், தோலை வரவழைக்க முடியாது. இதற்கு ஒரே வழி படம் எடுக்கும்போதே இருக்கிறது. அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் இரண்டு மூன்று படங்கள் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஒன்றில் தோல் கூர்மையாக விழுந்திருந்தால், ஹீலிங் பிரஷ்ஷும் குளோன் ஸ்டாம்ப்பும் திறந்திருக்கும் இன்னொரு கோப்பிலிருந்தும் Alt பிடித்து எடுக்கும். இரண்டு கோப்புகளும் ஒரே கலர் மோடில் இருக்க வேண்டும், முகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துளைகள் பெரிதாகவோ சிறிதாகவோ வந்து விழும்.